கல்லா ஒரு கணக்கு சொல்லுது, நோட்டு ஒரு கணக்கு சொல்லுது: எங்கே தேடுவது?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஏழெட்டுக் கடைகளுக்கு ராத்திரி நேரத்தில் கணக்கு நோட்டுப் பார்த்துக் கொடுக்கிறேன். எல்லாம் பத்துக்குப் பத்து மளிகை, பால் கடைகள். பில் மெஷின் கிடையாது, விற்கிற ஒவ்வொரு ஷாம்பு பாக்கெட்டையும் எழுதி வைக்க ஆளும் கிடையாது. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது கல்லாவை எண்ணி, அதிலிருந்துதான் இன்றைக்கு எவ்வளவு ஓடியது என்று கண்டுபிடிக்கிறோம்.

இந்த மாதிரிக் கடையில் ஒரு சிக்கல் உண்டு. விற்பனையையே கல்லாவை வைத்துக் கணக்கிடுவதால் நோட்டு எப்போதும் சரியாகத்தான் தெரியும். எழுத மறந்தது எல்லாம் விற்பனைத் தொகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் கீழே சொல்கிற எதையும் பார்ப்பதற்கு முன், கணக்கு போடும் முறை சரியா என்று பாருங்கள். நான் எழுத வைக்கும் முறை இது:

இரவு ரொக்கத்தில் காலை ரொக்கத்தைக் கழிக்க வேண்டும். கல்லாவிலிருந்து வெளியே போனதைக் கூட்ட வேண்டும். ஜிபேயில் வந்ததையும் இன்று கடனாகக் கொடுத்ததையும் கூட்ட வேண்டும். பழைய கடன் வசூலையும், வெளியிலிருந்து கல்லாவில் போட்ட பணத்தையும் கழிக்க வேண்டும்.

ஒரு அக்கா கடையின் ஒரு நாள் கணக்கு பாருங்கள். காலையில் 2,000, இரவில் 5,340. பால்காரருக்கு 1,860, தண்டலுக்கு 100, டீக்கு 40, வீட்டுக்கு 500 என்று கல்லாவிலிருந்து போனது 2,500. ஜிபே 3,120. புதுக் கடன் 780. பழைய கடன் வசூல் 1,000. கணக்குப் போட்டால் விற்பனை 8,740. ஆனால் அந்த அக்கா அதுவரை கல்லாவில் இருந்த 5,340-ஐத்தான் "இன்னிக்கு ஓட்டம்" என்று எழுதிக்கொண்டு, கடை படுத்துவிட்டதாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

## அறிகுறி 1: கூட்டம் அதேதான், விற்பனை மட்டும் ஏறி இறங்குகிறது

"இன்னாண்ணா, நேத்து எட்டாயிரம், இன்னிக்கு அஞ்சாயிரம், ஆனா நிக்க நேரம் இல்லாம வியாபாரம் பண்ணேன்" என்று கேட்காத வாரமே கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது இறங்கியதா, ஏறியதா என்பதுதான். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

### இறங்கியிருந்தால்

கல்லாவிலிருந்து ஏதோ ஒன்று எழுதாமல் வெளியே போயிருக்கிறது. எளிய காரணத்திலிருந்து தொடங்குவோம்.

நேற்றிரவு எழுதிய இருப்பும் இன்று காலை இருப்பும் ஒன்றுதானா? எண்ணி முடித்த பிறகு, பூட்டிக்கொண்டு போகும்போது ஒரு 500-ஐ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அந்த 500 மறுநாள் விற்பனையில் குறையும். காலையில் இரண்டாம் முறை எண்ணினால் இது உடனே தெரிந்துவிடும். காலை எண்ணுவதற்கு மூன்று நிமிடம் ஆகாது.

அதுவும் சரியாக இருந்தால், ஏழு நாள் விற்பனையை ஒரே வரிசையில் எழுதி எந்தக் கிழமை இறங்குகிறது என்று பாருங்கள். கொருக்குப்பேட்டையில் ஒரு அக்கா கடையில் செவ்வாய்க்கிழமை மட்டும் ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு என்று குறைந்துகொண்டே வந்தது. கடைப் பையன் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். நான் போய் முதலில் பார்த்தது பில் குத்தி வைக்கும் கம்பியை. மேலிருந்து எட்டு பில் தள்ளினால் ஒரு பிஸ்கட் கம்பெனி பில், இன்னும் கொஞ்சம் கீழே அதே கம்பெனியின் போன வார பில். இரண்டிலும் தேதி செவ்வாய். லைன் வண்டி வரும் நேரத்தில் கடையில் இருப்பது அந்த அக்காவின் அம்மா. கல்லாவைத் திறந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் பில்லைக் கம்பியில் குத்திவிடுகிறார், நோட்டு அவர் கைக்கு வருவதே இல்லை. பையனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை, அது வேறு கதை.

சரி, இதற்கு வழி என்ன? கல்லாவுக்குள்ளேயே ஒரு சின்னச் சீட்டுக் கட்டும் பென்சிலும் போட்டு வையுங்கள். பணத்தை எடுப்பவர் தொகையை மட்டும் எழுதினால் போதும், எதற்கு என்பதை ராத்திரி கேட்டுக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருந்தால், லைன் வண்டிக்காரரையே எழுதிப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். மறுக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் சீட்டு போட்டும் காரணம் தெரியாமல் குறைந்தால்தான் ஆள் மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் கேள்வி கேட்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். பாலுக்கு மட்டும் ஒரு வாரம் தனி டப்பா வையுங்கள். வந்த பாக்கெட், மிச்சப் பாக்கெட், கடனுக்குப் போன பாக்கெட் மூன்றும் எண்ணத் தெரியும் விஷயம். விற்ற எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் டப்பாவிலும் பால் பெயரில் வந்த ஜிபேயிலும் சேர்த்து எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியும். பாலில் குறைந்தால் மற்றதிலும் குறைகிறது என்று அர்த்தம்.

### ஏறியிருந்தால்

இதை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை. விற்பனை கூடினால் சந்தோஷம்தானே. ஆனால் மாதம் முதல் பத்து நாளில் மட்டும் கூடினால், சம்பளம் வாங்கியவர்கள் பழைய கடனைக் கட்டியிருப்பார்கள், நீங்கள் அதைக் கழித்திருக்க மாட்டீர்கள். கடன் கொடுத்த அன்றே அது விற்பனையில் ஏறிவிட்டது, வசூலான அன்று இன்னொரு முறை ஏறுகிறது. கடன் நோட்டில் அன்றைய தேதியில் அடித்த வரிகளைக் கூட்டி, தினக் கணக்கின் வசூலோடு ஒப்பிடுங்கள்.

ரொக்க வசூலை ஒழுங்காக எழுதுபவர்கள்கூடத் தவறவிடுவது ஜிபேயில் வரும் கடனைத்தான். போன் "டிங்" என்றதும் அது ஜிபே கணக்கில் சேர்ந்துவிடும், கடன் நோட்டில் அடித்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். அதையும் வசூல் என்று எழுதிக் கழிக்க வேண்டும்.

ஒரே நாளில் பெரிதாக ஏறியிருந்தால் தண்டல் பணமாக இருக்கும். பத்தாயிரம் தண்டலில் முன்னாலேயே ஆயிரம் பிடித்துக்கொண்டு கையில் 9,000 கொடுப்பார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அந்த 9,000-ஐக் கல்லாவில் போட்டால் அது வெளியிலிருந்து வந்த பணம், விற்பனை கிடையாது. தினமும் கட்டும் 100-ம் கடைச் செலவு கிடையாது, கடன் திருப்புவது. பிடித்துக்கொண்ட 1,000 மட்டும்தான் வட்டிச் செலவு. இதைப் பிரித்து எழுதாத கடைக்கு, வாங்கிய மாதம் லாபம் கொட்டுவது போலவும் அடுத்த மூன்று மாதம் நஷ்டம் போலவும் தெரியும்.

## அறிகுறி 2: நோட்டில் விற்பனை நன்றாக இருக்கிறது, சரக்கு வாங்கக் காசு இல்லை

தினக் கணக்கு சரியாக வந்த பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீண் வேலை. மாதக் கடைசியில் ஒரு பக்கத்தை ஒதுக்கி நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள். வீட்டுக்கு எவ்வளவு போனது, கடன் நோட்டின் மொத்தம் போன மாதத்தைவிட எவ்வளவு கூடியது, கடன் தவணை எவ்வளவு கட்டினீர்கள், கடையில் சரக்கு கூடியதா.

தண்டையார்பேட்டையில் ஒரு அண்ணன் கடையில் மே மாதக் கணக்கு இப்படி இருந்தது. விற்பனை 2,40,000. விற்ற சரக்கின் வாங்கிய விலை போக மிச்சம் 28,000. வாடகை, கரண்ட் 9,000 போனால் 19,000. இது லாபம். ஆனால் வீட்டுக்கு எடுத்தது 12,000, தண்டல் 3,000, கடன் நோட்டில் கூடியது 11,000, ஆக 26,000. சரக்கு இருப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. 19,000 சம்பாதித்து 26,000 வெளியே போனால் அந்த 7,000 எங்கிருந்து வந்தது? மொத்த வியாபாரியின் பாக்கிச் சீட்டை எடுத்துப் பார்த்தோம், ஏப்ரல் கடைசியைவிட 7,000 கூடியிருந்தது. கணக்கு முடிந்தது. அவருக்கு வியாபாரம் குறையவில்லை, வியாபாரியின் பணத்தில் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடன் 11,000 கூடியதற்கும் காரணம் உண்டு. நம்ம பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த நாளில் காசிமேட்டை நம்பி இருக்கும் வீடுகள் கடைக்காரரை நம்பித்தான் இருக்கும். கொடுக்காதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு எழுதி வைத்து, அந்தத் தொகைக்கு ஏற்றபடி சரக்குப் பாக்கியை முன்கூட்டியே பேசிக்கொள்ளச் சொல்கிறேன்.

### நான்கு கேள்விக்கும் விடை கிடைத்தும் பணம் குறைந்தால்

லாப விகிதத்திலேயே ஓட்டை. மாத ஆரம்பச் சரக்கோடு வாங்கியதைக் கூட்டி, மாதக் கடைசிச் சரக்கைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்க விலை. சரக்கை எண்ணும்போது வாங்கிய விலையில் எண்ணுங்கள், பாக்கெட் மேல் இருக்கும் விலையில் எண்ணினால் எல்லாம் தப்பு. மேலே சொன்ன கடையில் 2,40,000-க்கு 28,000 என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் கடைக்கு என்ன விகிதம் என்பது இரண்டு மூன்று மாதம் எண்ணினால் தெரிந்துவிடும். அது திடீரென்று இறங்கினால் முதலில் விலையைப் பாருங்கள். கொத்தவால் சாவடியில் பருப்பு விலை ஏறியதும் நீங்கள் வாங்கியது புது விலை, விற்பது பழைய விலையாக இருக்கும். அடுத்து வீட்டுக்குப் போன சரக்கு. மாதம் முழுக்க எண்ணெயும் சோப்பும் கடையிலிருந்தே எடுத்தால் அதை வாங்கிய விலையில் வீட்டுக் கணக்கில் எழுத வேண்டும். மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடும்போது சிந்துவதும் எடை கூடுவதும் அதற்கப்புறம். தராசைச் சோதிக்க ஒரு கிலோ படிக்கல்லை வைத்தால் போதும்.

## அறிகுறி 3: நோட்டுக் கூட்டலும் போனில் இருக்கும் ஷீட்டும் ஒத்து வரவில்லை

பிள்ளைகள் கூகுள் ஷீட்டில் ஏற்றிக் கொடுத்த பிறகு வரும் சண்டை இது. நான் ஒரு நாளைக்கு ஒரு வரி என்றுதான் வைக்கச் சொல்கிறேன். A தேதி, B காலை, C இரவு, D வெளியே போனது, E ஜிபே, F புதுக் கடன், G வசூல், H உள்ளே போட்டது. விற்பனை I-யில் தானே வரும்:

```
=C2-B2+D2+E2+F2-G2-H2
```

ஒத்து வராவிட்டால் முதலில் வித்தியாசத் தொகையை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மிச்சமில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு சைபர் விட்டிருக்கும். நோட்டில் 1,87,450, ஷீட்டில் 1,86,910 என்று ஒரு கடையில் வந்தது. வித்தியாசம் 540, ஒன்பதால் வகுத்தால் 60. தேடியதில் 1,710-ஐ 1,170 என்று ஏற்றியிருந்தார்கள். வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். 350 வசூலை G-க்குப் பதில் F-இல் போட்டால் விற்பனை 700 கூடும்.

இரண்டும் இல்லை, ஒவ்வொரு வரியும் நோட்டோடு சரியாக இருக்கிறது, மாத மொத்தம் மட்டும் குறைகிறது என்றால் இரண்டு காரணம்தான். மொத்தம் போடும் சூத்திரம் கடைசியில் சேர்த்த வரி வரைக்கும் எட்டவில்லை, அல்லது சில எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருக்கின்றன. எழுத்தாகப் பதிந்த எண்ணை `SUM` கணக்கில் எடுக்காது, பிழை என்றும் சொல்லாது. I-யில் இருக்கும் கூட்டல் கழித்தல் மட்டும் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்வதால் வரி சரியாகத் தெரியும், ஏமாறுவது அதனால்தான். இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=COUNTA(E2:E32)-COUNT(E2:E32)
```

விடை 0 வர வேண்டும். 2 வந்தால் இரண்டு கட்டத்தில் எண் எழுத்தாக இருக்கிறது. பொதுவாக அவை கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நிற்கும், மற்ற எண்கள் வலது ஓரம். அந்தக் கட்டத்தின் Format, Number என்பதில் Plain text என்று இருந்தால் Automatic என்று மாற்றுங்கள். பிறகு அழித்துவிட்டு, இடைவெளியோ "/-" குறியோ இல்லாமல் திரும்ப அடியுங்கள்.

தேதி மட்டும் பாதி இடது பாதி வலது என்று நின்றால் ஷீட்டின் நாடு அமெரிக்கா என்று இருக்கும். 5/6 என்று நீங்கள் போட்டது மே 6 ஆகிவிடும், 13/6 தேதியாகவே ஏறாது. கம்ப்யூட்டரில் திறந்து File, Settings, Locale போய் India என்று மாற்றுங்கள். ஏற்கெனவே தப்பாக ஏறிய தேதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருத்த வேண்டும், அவை தாமாகத் திருந்தாது.

காலை இருப்புப் பிரச்சினைக்கும் ஷீட்டில் காவல் வைக்கலாம். J3-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(B3=C2,"","பார்")
```

## அறிகுறி 4: ஜிபே தொகையும் பேங்க் தொகையும் வேறாக இருக்கிறது

வித்தியாசம் ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடினால் கவலை வேண்டாம். சில க்யூஆர் ஸ்டிக்கரில் வரும் பணம் மொத்தமாக மறுநாள்தான் பேங்கில் ஏறும். இரண்டு நாளைச் சேர்த்துக் கூட்டினால் சரியாகிவிடும். மாதம் ஒரு முறை ஒரே தொகை குறைந்தால் பேசும் பெட்டியின் வாடகை, அதைச் செலவில் எழுதுங்கள். ஒரு குறிப்பிட்ட விற்பனை மட்டும் பேங்கில் இல்லை என்றால், ஆள் போன் திரையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், பெட்டி பேசியிருக்காது. ஏமாற்று என்று தெரிந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பேங்கில் அதிகமாக இருந்தால்தான் நான் கொஞ்சம் அதட்டுவேன். சீட்டுப் பணம், மச்சான் திருப்பிய கைமாத்து எல்லாம் கடை க்யூஆரிலேயே வாங்கியிருப்பார்கள். 2025 ஜூலையில் பெங்களூரில் ஜிபே வரவைப் பார்த்தே சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. வந்ததில் எது வியாபாரம், எது சொந்தப் பணம் என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர்தான். சொந்தப் பணத்துக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே வந்தவற்றுக்கு நேராக யார், எதற்கு என்று எழுதுங்கள்.

## எப்போது ஆடிட்டரிடம் போக வேண்டும்

நாள் விற்பனை சராசரியாக 11,000-ஐத் தொட்டால். வருடம் முழுக்கத் திறக்கும் கடையில் அது 40 லட்சத்தைத் தாண்டும், தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு அதுதான். பாலுக்கும் மூட்டை பிரித்து அளந்து விற்கும் அரிசிக்கும் வரி இல்லையே, அதை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்பார்கள். மற்ற வரிச் சரக்கும் விற்கிற கடை என்றால் வரம்பைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஒரே பான் கார்டில் இன்னொரு கடை இருந்தால் அதுவும் சேரும். 11,000 வருவதற்கு முன்பே, ஒன்பதாயிரத்தில் போய்க் கேட்பது நல்லது.

அரசாங்க நோட்டீஸ் எது வந்தாலும் போங்கள், நீங்களாகப் பதில் எழுதாதீர்கள். பேங்க் லோன் கேட்கும்போதும் போக வேண்டியிருக்கும். மேலே சொன்னதை எல்லாம் மூன்று மாதம் செய்தும் லாப விகிதம் இறங்கிக்கொண்டே போனாலும் இன்னொருவர் கண்ணுக்குக் காட்டத்தான் வேண்டும்.

போகும்போது தினக் கணக்கு நோட்டு, கடன் நோட்டு, கம்பியில் இருக்கும் பில் மொத்தமும், ஒரு வருட பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்துப் போங்கள். ஜிபே விற்பனையும் ரொக்க விற்பனையும் தனித்தனியாகக் கூட்டி வைத்திருந்தால் அவருக்கு வேலை குறையும். கணக்குப் புத்தகம் விரிவாக இல்லாமல், விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்டி வருமான வரி கட்டும் முறையில் ரொக்கத்துக்குக் குறைந்தது 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததற்கு 6 சதவீதம் என்று பிரித்துத்தான் பார்ப்பார்கள். கம்பியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், ஒரு அண்ணன் போய், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் தொடையில் குத்திவிட்டது.